கேன் போடுகிற தம்பி கேட்கட்டும்: வாட்டர் பியூரிஃபையர் விளம்பரத்தை இரண்டு பேர் பேச்சாக எழுதுவது

கேள்வி: திருப்பூரில் வாட்டர் பியூரிஃபையர் கடை வைத்திருக்கிறேன். லோக்கல் எஃப்எம்மில் 40 வினாடி விளம்பரம் போடப் போகிறேன். ஒரே குரலில் வாசிப்பது போல எழுதினால் பஸ் ஸ்டாண்ட் அறிவிப்பு மாதிரி இருக்கிறது. சரி என்று கணவன் மனைவி பேசுவது போல மாற்றினேன், அது இன்னும் செயற்கையாக வந்துவிட்டது. கீழே கொடுத்திருக்கிறேன். இயல்பாக விற்கிற மாதிரி எப்படி எழுதுவது?

ராஜா: என்ன கமலா, ஏன் சோகமா இருக்கே?
கமலா: நம்ம ஏரியா தண்ணியில டிடிஎஸ் அதிகமா இருக்குங்க. குழந்தைக்கு அடிக்கடி வயிற்று வலி வருது.
ராஜா: கவலைப்படாதே! ஆர்ஓ, யுவி, யுஎஃப், மினரல் என ஏழு கட்ட சுத்திகரிப்புடன் வந்துவிட்டது நமது கடையின் வாட்டர் பியூரிஃபையர்!
கமலா: அப்படியா! அதில் வேறு என்ன சிறப்பு?
ராஜா: ஒரு வருட வாரண்டி, இலவச இன்ஸ்டலேஷன், சுலபத் தவணை, வீட்டுக்கே வந்து இலவச வாட்டர் டெஸ்ட்!
கமலா: அப்போ இன்னைக்கே வாங்கிடலாம்ங்க!

பதில்:

முதலில் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். இந்த உரையாடலில் வாட்டர் பியூரிஃபையரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சத்து மாவையோ கொசு விரட்டியையோ போடுங்கள். இரண்டு சொல்லை மாற்றினால் போதும், அப்படியே ஓடும். அப்படி ஓடுகிறது என்றால் அங்கே பேச்சே நடக்கவில்லை. முன்பு ஒரு குரல் வாசித்த அறிவிப்பையே இப்போது இரண்டு பேர் ஆளுக்கு ஒரு வரியாக வாசிக்கிறார்கள். கமலாவின் வேலை ராஜா மூச்சு வாங்குவதற்கு இடம் கொடுப்பது மட்டும்தான்.

உங்கள் சிக்கல் வசனத்தில் தொடங்கவில்லை, ஆட்களைத் தேர்ந்தெடுத்த இடத்திலேயே தொடங்கிவிட்டது. கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் ஒரே குடத்துத் தண்ணீரைக் குடிப்பவர்கள். அந்தத் தண்ணீரைப் பற்றி ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்கும் தெரியும். அதனால் அவர்கள் ஒருவருக்கொருவர் எதைச் சொன்னாலும் அது கேட்பவருக்காகச் சொல்வதாகவே காதில் விழும். "நம்ம ஏரியா தண்ணியில" என்று எந்த மனைவி கணவனிடம் சொல்வாள்? "தண்ணி இன்னிக்கும் ஒரு மாதிரி இருக்கு" என்பதோடு அவள் பேச்சு முடிந்துவிடும். ராஜாவோ நடுவில் எழுத்துத் தமிழுக்குத் தாவி "வந்துவிட்டது நமது கடையின்" என்கிறார். அந்த நொடியிலேயே அவர் கணவன் வேலையை விட்டுவிட்டு உங்கள் கடையின் சேல்ஸ்மேன் ஆகிவிட்டார்.

எனவே தேட வேண்டியது இரண்டு பேரை. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கக் கூடாது. தெரிந்துகொள்ள அவருக்குச் சொந்தக் காரணம் இருக்க வேண்டும். முடிந்தால், இந்த மெஷின் அந்த வீட்டுக்கு வந்ததில் அவருக்குக் கொஞ்சம் நஷ்டமும் இருக்க வேண்டும். மூன்றாவது அமைந்துவிட்டால் மற்றது எல்லாம் தானாக வந்துவிடும்.

திருப்பூரில் அந்த ஆள் யார் என்று யோசியுங்கள். உங்கள் ஊரில் போர் தண்ணீர் உப்பு. குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர் தினமும் வருவதில்லை. குடிக்க, சமைக்க பல வீடுகளில் 20 லிட்டர் கேன்தான். அப்படியென்றால் உங்களுக்கு நிஜமான போட்டி எதிர்த்த கடையோ டிவியில் நடிகை வந்து சொல்லும் கம்பெனியோ இல்லை, இரண்டு நாளைக்கு ஒரு தடவை மாடிப்படி ஏறி வருகிற கேன் தம்பிதான். ஆர்ஓ மாட்டிய வீட்டில் அடுத்த நாள் அவரிடம் ஏதாவது சொல்லியே ஆக வேண்டும். அந்தச் சங்கடமான அரை நிமிடம் ஊரில் தினமும் எத்தனையோ வாசலில் நடக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

நான் எழுதுவதாக இருந்தால் இப்படித்தான் இருக்கும்:

(படியேறி வரும் மூச்சு. கேனைத் தரையில் வைக்கும் சத்தம்.)
தம்பி: அக்கா, கேன் வெச்சாச்சு. நாளான்னிக்கு ரெண்டா போட்டுரட்டுங்களா?
அக்கா: இல்லப்பா... இனிமே கேன் வேண்டாம்.
தம்பி: ஏனுங்க்கா, வேற ஆளு போடறாங்களா?
அக்கா: அட, அதெல்லாம் இல்ல. வீட்ல ஆர்ஓ மாட்டிட்டோம்.
தம்பி: உங்க போர் தண்ணிக்கா? பயங்கர உப்புங்க்கா அது. எந்த மெஷினும் தாங்காது.
அக்கா: அதான் மொதல்ல வந்து தண்ணிய டெஸ்ட் பண்ணாங்க. அப்புறம்தான் எந்த மெஷின்னே சொன்னாங்க.
தம்பி: டெஸ்டுக்கு எவ்வளவு வாங்குனாங்க?
அக்கா: ஒண்ணும் வாங்கல.
தம்பி: ம்ம்... கரண்ட் இல்லாத அன்னிக்காச்சும் கூப்பிடுவீங்கல்லங்க்கா?
அக்கா: (சிரித்து) உன் நம்பரை எங்கே அழிக்கப் போறேன்!
அறிவிப்பாளர்: தண்ணீரை டெஸ்ட் செய்த பிறகுதான் மெஷின். (கடைப் பெயர்), (எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடையாளத்துக்கு எதிரில்), திருப்பூர்.

இதில் கடைப் பெயரை அக்கா சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? கேன் தம்பியிடம் பேசும்போது யாரும் கடைப் பெயரை முழுசாகச் சொல்வதில்லை. "மெஷின்", "ஆர்ஓ", "ஃபில்டர்" என்பார்கள். பெயரை அவர் வாயில் திணித்தால் அதுவரை சேர்ந்த நம்பிக்கை அங்கேயே போய்விடும். பெயர் சொல்வதற்குத்தான் கடைசியில் அறிவிப்பாளர் இருக்கிறார். வர்ணனையை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை. அதற்கு உரிய ஒரே ஒரு வாக்கியத்தைக் கொடுத்துவிட்டு மற்ற இடத்திலிருந்து விலக்கி வையுங்கள்.

அடுத்தது, விற்பது ஒரே ஒரு விஷயம். உங்கள் வரைவில் ஆறேழு இருந்தன: ஏழு கட்டம், யுவி, யுஎஃப், மினரல், வாரண்டி, தவணை, டெஸ்ட். நான் டெஸ்டை மட்டும் வைத்துக்கொண்டேன். ஏழு கட்டத்தை எல்லாக் கடையும் சொல்கிறது. கேட்பவருக்கு ஆறு கட்டத்துக்கும் ஏழு கட்டத்துக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு ஆசையும் கிடையாது. ஆனால் "எங்க வீட்டுத் தண்ணிக்கு இது தாங்குமா?" என்ற சந்தேகம் போர் போட்ட எல்லா வீட்டிலும் இருக்கிறது. டெஸ்ட் அதற்கு நேரான பதில். அது வெறும் சலுகையாக இல்லாமல், தொழில்நுட்பமாகவே மெஷினைத் தீர்மானிக்கிற விஷயமாகவும் இருப்பதால் கூடுதல் பலம்.

அது எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்பும்படியான வசனம் இங்கிருந்துதான் கிடைக்கிறது. இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500-இன்படி, கரைந்த உப்பின் அளவான டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 2000 வரை அனுமதி. 500-க்குக் கீழே இருக்கும் தண்ணீருக்கு, வேறு கெடுதலான பொருள் எதுவும் கலந்திராத வரை, பொதுவாக ஆர்ஓ தேவையில்லை. கிருமியைக் கொல்ல யுவி, கலங்கலை எடுக்க யுஎஃப் போதும். அந்த அளவுக்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்ஓவைத் தடுக்க வேண்டும் என்று 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே உத்தரவிட்டது. காரணம், வீட்டு ஆர்ஓ ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தருவதற்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியே விடுகிறது. மறுபக்கம், டிடிஎஸ் 2000-ஐத் தாண்டினால் சாதாரண வீட்டு ஆர்ஓவில் உப்பை வடிகட்டுகிற சவ்வு, அதாவது மெம்பரேன், திணறும். கடினத்தன்மை, அதாவது பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற சுண்ணாம்பு, அதிகமாக இருந்தால் மெம்பரேன் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதற்குச் சுண்ணாம்பு படியாமல் தடுக்கிற ஆன்டிஸ்கேலன்ட் கார்ட்ரிட்ஜ் வைக்க வேண்டும், சர்வீஸ் இடைவெளியையும் குறைக்க வேண்டும். ஆக, ஒரே தெருவில் ஆற்றுத் தண்ணீர் குடிக்கும் வீட்டுக்கும் போர் தண்ணீர் குடிக்கும் வீட்டுக்கும் ஒரே மெஷினை விற்பவர் ஒருவரை ஏமாற்றுகிறார்.

இப்போது "எந்த மெஷினும் தாங்காது" என்ற தம்பியின் வரியை மறுபடி பாருங்கள். அவர் பொறாமையில் சொல்வது போல இருந்தாலும் பாதி உண்மை. மெம்பரேன் அடைக்கும் என்பதை ஊரில் யாரும் கடினத்தன்மை என்ற சொல்லை வைத்துப் பேசுவதில்லை, "தாங்காது" என்பார்கள். வாடிக்கையாளர் மனதில் இருக்கும் நிஜமான மறுப்பை அவர்களுடைய சொல்லிலேயே, அதைச் சொல்ல உரிமையுள்ள ஒருவர் வாயில் வைக்க வேண்டும். பொதுவாக விளம்பரம் எழுதுபவர்கள் எதிராளியை முட்டாளாக்கிவிடுகிறார்கள், சுலபமாகத் தோற்கட்டும் என்று. தோற்கவே பிறந்த ஆளின் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை யாரும் நம்ப மாட்டார்கள். தம்பி தண்ணீர் விற்றுப் பிழைப்பவர். எந்த வீட்டில் என்ன தண்ணீர் என்று உங்கள் டெக்னீஷியனைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் கேட்டால்தான் பதிலுக்கு எடை வரும்.

அக்காவின் பதிலும் பெரிதாக எதையும் நிரூபிக்கவில்லை. டிடிஎஸ் எவ்வளவு, மெம்பரேன் என்ன என்று அவர் சொல்வதில்லை. அவருக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறார்: வந்தார்கள், டெஸ்ட் பண்ணினார்கள், அப்புறம் மெஷினைச் சொன்னார்கள். ஒரு வீட்டுக்காரருக்கு நினைவிருப்பது நடந்த வரிசைதான், எண் இல்லை. இங்கே "எங்க தண்ணி ஆயிரத்து நானூறு டிடிஎஸ்ஸாம்" என்று ஓர் எண்ணைச் செருக ஆசை வரும். வேண்டாம். வானொலியில் எண் நிற்காது. நின்றாலும் கேட்பவர் "நம்ம வீட்ல அவ்வளவு இருக்காது" என்று தன்னை விலக்கிக்கொள்வார்.

கரண்ட் இல்லாத நாளைப் பற்றிய கேள்விக்கு நான் வேண்டுமென்றே பதில் எழுதவில்லை. பெரும்பாலான ஆர்ஓ மெஷினில் ஏழெட்டு லிட்டர் டேங்க் இருக்கிறது, ஒரு நாள் ஓட்டலாம். அக்கா அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் எல்லா மறுப்புக்கும் பதில் வந்துவிடும், உடனே அது விளம்பரமாகிவிடும். ஒரு குறையைத் திறந்து விட்டால், மற்ற இடத்தில் சொன்னது உண்மை என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். எந்தக் குறையைத் திறந்து விடலாம் என்பதில் மட்டும் கவனம் வேண்டும். தண்ணீரின் தரத்தைப் பற்றிய சந்தேகத்தை அப்படி விடக் கூடாது. கரண்ட் விஷயம் எல்லா மெஷினுக்கும் பொது, அதனால் உங்களுக்கு நஷ்டமில்லை. அதோடு அந்த வரியில் தம்பிக்கு ஒரு மரியாதையும் மிஞ்சுகிறது.

அந்த மரியாதை முக்கியம், நாகரிகத்துக்காக மட்டும் இல்லை. கேன் தண்ணீர் அழுக்கு, கேன் கழுவுவதில்லை, கேன் குடித்தால் நோய் வரும் என்று அக்கா ஒரு வார்த்தை சொன்னாலும் மூன்று பிரச்சினை வரும். ஒன்று, அது நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டு. இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் நெறிமுறைப்படி ஒப்பிடலாம், ஆனால் அடுத்தவர் பொருளை இழிவுபடுத்தக் கூடாது. இரண்டு, உங்கள் விளம்பரத்தைக் கேட்கப்போகிறவர்களில் பலர் அன்று காலையில் கேன் தண்ணீர்தான் குடித்திருப்பார்கள். தான் பிள்ளைக்குக் கொடுத்ததை அழுக்கு என்று சொன்னவரிடம் யாரும் பொருள் வாங்குவதில்லை. மூன்று, கேன் போடும் ஆட்கள் உங்கள் கடையைப் பற்றி வாசலுக்கு வாசல் என்ன பேசுவார்கள் என்று யோசியுங்கள். அவர்கள் கையில் இருக்கும் ஒலிபரப்பு எஃப்எம்மைவிடப் பெரிது. அதனால்தான் அக்கா கேனைப் பற்றி ஒரு குறையும் சொல்லாமல் "வேண்டாம்", "ஆர்ஓ மாட்டிட்டோம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

இதே வழியில் உங்கள் வரைவிலிருந்த வயிற்று வலியையும் எடுத்துவிடுங்கள். அது விஷயமாகவே தவறு. டிடிஎஸ் என்பது கரைந்த உப்பு. தண்ணீரால் குழந்தைகளுக்கு வருகிற வயிற்றுக் கோளாறுக்குப் பொதுவாகக் காரணம் கிருமி. டிடிஎஸ் 200 இருக்கும் தெளிந்த தண்ணீரில் கிருமி இருக்கலாம், 1500 இருக்கும் தண்ணீரில் இல்லாமலும் இருக்கலாம். டிடிஎஸ் மீட்டர் கிருமியைக் காட்டவே காட்டாது. கமலாவும் ராஜாவும் இரண்டையும் போட்டுக் குழப்பியதைக் கேட்டு ஒரு பள்ளி வேதியியல் ஆசிரியர் உங்கள் கடையைக் கடந்து போய்விடுவார். "கதாபாத்திரம்தானே சொல்கிறது, நான் சொல்லவில்லையே" என்று நினைப்பவர்கள் உண்டு. அது எடுபடாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதன் கீழ் 2022-இல் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்களும் விளம்பரத்தில் வரும் கூற்றைப் பார்க்கின்றன, அதை எந்தக் குரல் சொன்னது என்பதை வைத்து விட்டுவிடுவதில்லை. தவறான விளம்பரத்துக்கு முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. "நூறு சதவீதம் சுத்தம்", "எந்த நோயும் வராது" போன்ற வரிகள் உரையாடலில் இன்னும் சுலபமாக நழுவி வந்துவிடும், ஏனென்றால் பேச்சில் எல்லோரும் மிகைப்படுத்துவோம். எழுதி முடித்த பிறகு ஒவ்வொரு வரியையும் தனியே எடுத்து, இதை என் கடை லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போடுவேனா என்று கேட்டுப் பாருங்கள்.

டெஸ்டைப் பற்றியும் அப்படியே. உங்கள் ஆள் பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டரை மட்டும் நனைத்துவிட்டு வருகிறார் என்றால் "டெஸ்ட்" என்ற சொல் கொஞ்சம் பெரிதுதான். கடினத்தன்மை பார்க்கும் சொட்டு மருந்து கிட் ஒன்றையும் கையில் கொடுத்தனுப்புங்கள், செலவு அதிகமில்லை. ஃபுளோரைடு போன்ற சந்தேகம் இருந்தால் அது பரிசோதனைக் கூடத்துக்குப் போக வேண்டிய விஷயம். கட்டணம் வாங்கிக்கொண்டு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகங்களிலும் பார்த்துத் தருகிறார்கள். இன்னொன்றும் இருக்கிறது. சில விற்பனையாளர்கள் இரண்டு டம்ளரில் இரும்புக் கம்பி இறக்கி மின்சாரம் பாய்ச்சி, குழாய்த் தண்ணீர் சேறு மாதிரி பழுப்பாவதைக் காட்டுவார்கள். தண்ணீரில் இருந்த அழுக்கு வெளியே வந்தது போல இருக்கும். உண்மையில் உப்புள்ள தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதால் அந்தக் கம்பியே கரைந்து துருவாகிறது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் அவ்வளவாகப் பாயாது, அதனால் தெளிவாக நிற்கிறது. அதில் சிட்டிகை உப்புப் போட்டால் அதுவும் பழுப்பாகும். உங்கள் ஆட்கள் அந்த வித்தையைச் செய்தால் இன்றே நிறுத்துங்கள். விளம்பரத்தில் "டெஸ்ட்" என்று சொல்லிவிட்டு வாசலில் அதைக் காட்டினால், யூடியூபில் உண்மையைப் பார்த்துவிட்ட மகன் ஒருவன் எந்த வீட்டிலாவது இருப்பான்.

இனி அளவு. இயல்பான பேச்சில் தமிழுக்கு வினாடிக்கு இரண்டு சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷ் விளம்பரக் கணக்கை அப்படியே எடுத்தால் அடிவாங்குவீர்கள். "போட்டுரட்டுங்களா" என்ற நம் ஒரு சொல்லுக்குள்ளேயே மூன்று நான்கு சொல்லின் வேலை இருக்கிறது, வாயும் அவ்வளவு நேரம் எடுக்கும். 40 வினாடியில் கடைசி அறிவிப்புக்கு எட்டு வினாடி. கேன் சத்தம், தயக்கம், சிரிப்பு இவற்றுக்கு நான்கைந்து. மிச்சம் 27, 28 வினாடி. ஆக உரையாடலுக்கு 50 சொச்சம் சொற்கள்தான். மேலே எழுதியது அந்த அளவில்தான் நிற்கிறது. நிலையத்தில் 30 வினாடிதான் கிடைத்தது என்றால், "வேற ஆளு போடறாங்களா" கேள்வியையும் அதன் பதிலில் பாதியையும் எடுத்துவிடுங்கள். "ம்ம்..." என்ற தயக்கத்தை எடுக்காதீர்கள். தம்பிக்கு வாடிக்கை போனது உறைக்கிற இடம் அது. அந்த ஒரு வினாடி மௌனத்தில்தான் "ஒண்ணும் வாங்கல" என்பது கேட்பவர் காதில் இறங்குகிறது. ஸ்டூடியோவில் நேரம் போதவில்லை என்றால் எடிட் செய்பவர் முதலில் வெட்டுவது இந்த மாதிரி மௌனத்தைத்தான், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

குரல் தேர்வில் ஒரு விஷயம். வானொலியில் முகம் கிடையாது. ஒரே வயதுள்ள இரண்டு பெண்களைப் பேச வைத்தால் மூன்றாவது வரியில் யார் யாரென்று தெரியாமல் போகும். இளைஞன் ஒருவன், நாற்பது வயது அம்மா ஒருவர் என்றால் பெயர் சொல்லாமலே பிரிந்துவிடும். அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் முறையிலேயே உறவு வந்துவிடுவதால் "கமலா", "ராஜா" என்று பெயர் வைக்கும் வேலையும் இல்லை. தம்பி "ங்க" போட்டுப் பேசுகிறார், அக்கா "ப்பா" போட்டு ஒருமையில் பேசுகிறார். அந்த இரண்டு விகுதியும் இருக்கும்போது தனியாக அறிமுகம் எதற்கு?

கொங்குப் பேச்சை எழுத்தில் நான் அளவாகத்தான் தொட்டிருக்கிறேன், "ஏனுங்க்கா", "போட்டுரட்டுங்களா" மாதிரி சில சொல், அவ்வளவுதான். திருப்பூர், அவிநாசி பக்கத்து ஆட்கள் பேசினால் மிச்சத்தை அவர்களே போட்டுக்கொள்வார்கள். சென்னையிலிருந்து டப்பிங் கலைஞர்களை வைத்து எடுக்கிறீர்கள் என்றால் இவற்றையும்கூட எடுத்துவிட்டுப் பொதுப் பேச்சில் விடுங்கள். வரவழைத்த கோயம்புத்தூர் தமிழைக் கோயம்புத்தூர்க்காரர் முதல் "ங்"-லேயே கண்டுபிடித்துவிடுவார். என்னைக் கேட்டால், நிஜமாகக் கேன் போடுகிற ஒரு பையனையே நான்கு தடவை சொல்ல வைத்து எடுப்பது இதைவிட நல்லது. தாளைக் கையில் கொடுக்காமல் விஷயத்தைச் சொல்லி அவர் வாயில் எப்படி வருகிறதோ அப்படி விட வேண்டும். நான் எழுதியதைவிட நல்ல வரி அங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம்.

ஒலிப்பதிவில் இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் எதிரெதிரே நிற்க வைத்து எடுக்கச் சொல்லுங்கள். தனித்தனியாக எடுத்து ஒட்டினால் ஒருவர் முடித்து, அரை வினாடி விட்டு, அடுத்தவர் தொடங்குவார், நாடகம் போல. நேரில் பேசினால் "அதெல்லாம் இல்ல" என்பது தம்பியின் கேள்வி முடியும் முன்பே விழும். பின்னணி இசை உரையாடலுக்கு அடியில் வேண்டவே வேண்டாம். இசை வந்ததும் காது "இது விளம்பரம்" என்று முடிவு கட்டிவிடுகிறது. கேன் சத்தம் மட்டும் நிஜமாக இருக்கட்டும், நிரம்பிய கேனைத் தரையில் வைத்து எடுங்கள். காலிக் கேனின் ஓசை வேறு, கேன் தூக்கிய எல்லோருக்கும் அது தெரியும்.

அறிவிப்பாளர் வரியில் போன் நம்பரை நான் போடவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டும் தையல் மெஷினில் உட்கார்ந்துகொண்டும் கேட்பவர் பத்து இலக்கத்தை எழுத மாட்டார். கடைப் பெயரும் இடமும் நினைவிருந்தால் கூகுளில் தேடிக்கொள்வார். அதனால் விளம்பரம் ஓடுவதற்கு முன் கூகுள் மேப்பில் உங்கள் கடைப் பெயர் நீங்கள் உச்சரிக்கிற மாதிரியே தமிழிலும் இங்கிலீஷிலும் இருக்கிறதா, நம்பர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் உரையாடல் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். தீபாவளிக்குப் பழைய மெஷின் எக்ஸ்சேஞ்ச், மாதத் தவணை எவ்வளவு, சர்வீஸ் கேம்ப் எந்தத் தேதி, இதெல்லாம் நேரான அறிவிப்புக்கு உரிய செய்திகள். கேட்பவருக்கு வேண்டியதும் அந்தத் தகவல்தான். அவற்றை இரண்டு பேர் வாயில் பிரித்துக் கொடுத்தால் மறுபடி ராஜாவும் கமலாவும் வந்துவிடுவார்கள். அதற்கு ஒரே குரல், 15 வினாடி, இசை வேண்டுமானால் இசை. பஸ் ஸ்டாண்ட் அறிவிப்பு மாதிரி இருந்தாலும் பரவாயில்லை, பஸ் எப்போது என்று தெரிய வேண்டியவர் அதைக் கவனித்துத்தான் கேட்கிறார்.

இதே பாணியில் இரண்டாவது ஸ்பாட் எடுக்க நினைத்தால் கழிவுத் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்ஓவைப் பற்றி ஊரில் அதிகம் திட்டுவது அதைத்தான். அங்கே ஆளை மாற்றலாம். சிறுவயதில் குடம் தூக்கி நடந்த பாட்டி ஒருவர் ஊரிலிருந்து வந்து, சிங்க்கில் ஓடும் குழாயைப் பார்த்துப் பேரனை அதட்டுகிறார். அவர் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது, பேரனுக்கும் ஒரு பதில் இருக்கிறது: அந்தக் குழாயை ஒரு டிரம்மில் விட்டு வீடு துடைக்க, டாய்லெட்டுக்கு ஊற்ற எடுத்துக்கொள்ளலாம். உப்பு கூடிய தண்ணீர் என்பதால் செடிக்கு மட்டும் தொடர்ந்து ஊற்றக் கூடாது. உங்கள் ஆட்கள் மாட்டும்போதே கழிவுக் குழாயை டிரம் வரை நீட்டிக் கொடுக்கிறார்கள் என்றால் அந்த ஸ்பாட்டில் விற்க வேண்டிய ஒரே விஷயம் அதுதான். கொடுக்கவில்லை என்றால் முதலில் அதைத் தொடங்குங்கள், ஸ்கிரிப்ட் அப்புறம்.

கடைசியாக, கடையில் போன் எடுக்கும் ஆளிடம் இந்த விளம்பரத்தைப் போட்டுக் காட்டுங்கள். கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறவர் முதலில் கேட்கப் போவது "டெஸ்ட் நிஜமாவே ஃப்ரீங்களா?" என்பதுதான். அதற்கு "மெஷின் பன்னிரண்டாயிரத்துல இருந்து இருக்குங்க" என்று பதில் போனால் விளம்பரச் செலவு அங்கேயே தண்டம். "ஃப்ரீதாங்க. உங்க வீட்ல குடிக்கிறது போரா, ஆத்துத் தண்ணிங்களா? எத்தனாவது மாடி? எப்ப வரட்டுங்க?" இந்த மூன்று கேள்வியையும் ஒரு தாளில் எழுதி போனுக்கு மேலே ஒட்டிவிடுங்கள்.